505 பார்வைகள் குறைவா, நிறைவா? யூடியூப் அலைவரிசைகளை ஒப்பிடும் கணக்கு

கணிதத் தேர்வில் ஒரு மாணவர் 62 புள்ளி பெற்றார். இது நல்ல புள்ளியா? எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதே தேர்வை எழுதிய மற்றவர்கள் எவ்வளவு பெற்றார்கள் என்று தெரிந்தால்தான் 62-க்குப் பொருள் வரும். வகுப்பில் பெரும்பாலோர் 45 பெற்றிருந்தால் அது உயர்ந்த புள்ளி. பெரும்பாலோர் 80 பெற்றிருந்தால் கதை வேறு.

யூடியூப் காணொளியின் பார்வை எண்ணிக்கையும் அப்படித்தான். அலைவரிசை நடத்துபவருக்குத் தம் காணொளியை எத்தனை நிமிடம் பார்த்தார்கள், எந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள் என்ற விவரமெல்லாம் கிடைக்கும். மற்றவர்களின் அலைவரிசையைப் பற்றி அவருக்கு அந்த விவரங்கள் கிடைக்கா. எல்லாரும் பார்க்கக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, ஒவ்வொரு காணொளியின் பார்வை எண்ணிக்கை. மற்றொன்று, அது வெளியான தேதி. தேதிகளை எண்ணினால் ஓர் அலைவரிசை மாதத்துக்கு எத்தனை காணொளி வெளியிடுகிறது என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் கணக்குப் போடலாம்? ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

ஜொகூரில் படிவம் 4 படிக்கும் மூன்று நண்பர்கள், வீட்டில் செய்யக்கூடிய அறிவியல் சோதனைகளைத் தமிழில் விளக்கும் ஓர் அலைவரிசையை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2 காணொளி வெளியிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மூவரும் சேர்ந்து மொத்தம் 9 மணி நேரம் செலவிடுகிறார்கள். பெரும்பாலான காணொளிகளுக்கு 400, 500 பார்வைகள்தான் வருகின்றன. வேறோர் அலைவரிசை வாரந்தோறும் மூன்று காணொளி வெளியிடுவதைப் பார்த்த ஒருவர், "நாமும் மாதத்துக்கு 6 போடுவோம்" என்கிறார். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம் இருக்கிறது என்பது மற்றொருவரின் கவலை. யார் சொல்வதைக் கேட்பது? இங்கு வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக உருவாக்கப்பட்டவை. முறையை நீங்கள் எந்த அலைவரிசைக்கும் பயன்படுத்தலாம்.

யாரோடு ஒப்பிடுவது?

முதல் வேலை, ஒப்பிடத் தகுந்த அலைவரிசைகளைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒரே மொழி, ஒரே வகைப் பொருள், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள காணொளி, அருகருகே இருக்கும் சந்தாதாரர் எண்ணிக்கை ஆகிய நான்கும் பொருந்த வேண்டும்.

மொழி ஒன்றாக இருந்தாலும் மட்டும் போதாது. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 72 மில்லியனைத் தாண்டிவிட்டது. மலேசியாவில் இந்தியர்கள் மொத்தமே சுமார் 2 மில்லியன்தான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டிக் காணொளி செய்யும் அலைவரிசைக்கு இருக்கும் பார்வையாளர் கூட்டம் வேறு, மலேசிய மாணவர்களை நோக்கிப் பேசும் அலைவரிசைக்கு இருக்கும் கூட்டம் வேறு. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால், ஒப்பிடுவது காணொளிகளை அல்ல, மக்கள்தொகையைத்தான்.

சந்தாதாரர் எண்ணிக்கையை ஒரு தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 முதல் யூடியூப் இந்த எண்ணைச் சுருக்கித்தான் வெளியில் காட்டுகிறது. 12,345 பேர் இருந்தால் 12.3 ஆயிரம் என்றே நமக்குத் தெரியும். ஒப்பிடத் தகுந்த அளவா என்று பார்க்க அது போதும். அதை வைத்து வளர்ச்சியைக் கணக்கிட முயன்றால் எண்கள் தாவித்தாவிப் போகும்.

இன்னொரு பொறியும் உண்டு. தேடல் பெட்டியில் "அறிவியல் சோதனை" என்று தட்டினால் பெரும்பாலும் வெற்றி பெற்ற காணொளிகளே முன்னால் வந்து நிற்கும். அவற்றிலிருந்து ஐந்து அலைவரிசைகளைப் பொறுக்கினால், வகுப்பில் முதல் ஐந்து மாணவர்களோடு மட்டும் உங்களை ஒப்பிட்டது போலாகும். ஆகவே தேடல் முடிவுகளில் கீழே வரை சென்று, சிறிய அலைவரிசைகளையும் சேர்க்க வேண்டும். பார்வை எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே பட்டியலை முடிவு செய்து எழுதிவிடுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், நமக்குப் பிடித்த விடை வரும்படி தேர்ந்தெடுத்துவிடுவோம்.

நம் மூன்று நண்பர்களும் இப்படி ஐந்து அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றை அ, ஆ, இ, ஈ, உ என்று அழைப்போம்.

எந்தக் காணொளிகளை எண்ணுவது?

நேற்று வெளியான காணொளிக்கு 90 பார்வை, மூன்று ஆண்டுக்கு முன் வெளியானதற்கு 4,000 பார்வை. பழையது சிறந்தது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அது பார்வைகளைச் சேர்க்க மூன்று ஆண்டு அவகாசம் பெற்றது. ஆகவே எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே காலப்பகுதியை எடுக்க வேண்டும்.

நண்பர்கள் ஆகஸ்டு 1 அன்று கணக்கெடுத்தார்கள். ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை வெளியான காணொளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் பட்டியலில் உள்ள மிகப் புதிய காணொளிக்கும் ஒரு மாத வயது ஆகிவிட்டது. வெளியான சில நாள்களில் வரும் முதல் அலை அடங்கியிருக்கும். மிகப் பழையதும் ஏழு மாதத்தைத் தாண்டவில்லை.

அலைவரிசைப் பக்கத்தில் தேதி "2 மாதங்களுக்கு முன்" என்பது போலத்தான் தெரியும், பார்வையும் சுருக்கப்பட்டிருக்கும். காணொளியைத் திறந்து, அதன் கீழே உள்ள விளக்கப் பகுதியை விரித்தால் சரியான தேதியும் முழு எண்ணும் கிடைக்கும்.

ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். 2025 மார்ச் 31 முதல், ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும்கூட, ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நீளக் காணொளியின் பார்வையை அந்த விதியில் எண்ணுவதில்லை. ஆகவே ஷார்ட்ஸுக்கு வந்த 3,000 பார்வையையும் பத்து நிமிடக் காணொளிக்கு வந்த 3,000 பார்வையையும் கூட்டுவது, மீட்டரையும் அடியையும் கூட்டுவது போன்றது. அலைவரிசைப் பக்கத்தில் இவை Videos, Shorts என்று தனித்தனித் தலைப்புகளில் இருப்பதால் பிரிப்பது எளிது. நண்பர்கள் முதல் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சராசரி ஏமாற்றும் இடம்

நண்பர்களின் அலைவரிசையில் அந்த ஆறு மாதத்தில் 12 காணொளிகள் வெளிவந்தன. வெளியான வரிசையில் அவற்றின் பார்வைகள் இவை:

410, 520, 380, 610, 450, 9,800, 490, 560, 430, 700, 470, 540

கூட்டினால் 15,360. அதை 12-ஆல் வகுத்தால் சராசரி 1,280. இப்போது பட்டியலை மீண்டும் பாருங்கள். 1,280-ஐ எட்டிய காணொளி எத்தனை? ஒன்றே ஒன்று. மற்ற பதினொன்றும் 700-ஐத் தாண்டவில்லை. எப்படியோ பரவிப் போன 9,800 என்ற ஓர் எண் சராசரியைத் தூக்கிவிட்டது. அடுத்த காணொளிக்கு 1,280 பார்வை வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இங்கே உதவுவது நடுவெண். மீடியன் என்றும் பள்ளியில் படித்திருப்பீர்கள். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். 12 எண்கள் இருப்பதால் நடுவில் இரண்டு நிற்கின்றன: ஆறாவது 490, ஏழாவது 520. இரண்டுக்கும் நடுவே 505. அந்த 9,800 என்பது 98,000 ஆக மாறினாலும் நடுவெண் 505 ஆகவே இருக்கும். ஒரு வழக்கமான காணொளிக்கு என்ன கிடைக்கிறது என்பதை இது நேர்மையாகச் சொல்கிறது.

கணினி விரிதாளில் பார்வைகளை B நிரலில் எழுதியிருந்தால் ஒரு வரியே போதும்:

```
=MEDIAN(B2:B13)
```

பரவிப் போன காணொளியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அலைவரிசையின் சொந்த நடுவெண்ணைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போன காணொளிகளை எண்ணுவது ஒரு வசதியான விதி. நண்பர்களுக்கு 12-இல் 1. அது நடுவெண்ணைப் போல் 19 மடங்கு.

இன்னொரு சோதனையும் தேவை. வயது வேறுபாடு இன்னும் விளையாடுகிறதா என்று பார்க்க, பட்டியலை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் மூன்று மாதக் காணொளிகளின் நடுவெண் 485. பின் மூன்று மாதத்துக்கு 515. பெரிய வேறுபாடு இல்லை. அதாவது, இவர்களின் காணொளிகள் முதல் மாதத்திலேயே பெரும்பாலான பார்வைகளைப் பெற்றுவிடுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பாதி மிக உயர்ந்து நின்றிருந்தால்? அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பழைய காணொளிகளைத் தேடி வந்து இன்னும் பார்க்கிறார்கள், அல்லது அலைவரிசை மெல்லச் சரிகிறது. ஒரு நாள் எடுத்த கணக்கு இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாது. இரண்டு வாரம் கழித்து அதே காணொளிகளின் எண்ணை மீண்டும் எழுதிக் கழித்துப் பாருங்கள். பழையவை இன்னும் நன்றாக ஏறிக்கொண்டிருந்தால் முதல் காரணம். அசையாமல் நின்றால் இரண்டாவது காரணம்.

ஆறு அலைவரிசைகள், இரண்டு கேள்விகள்

ஆறு அலைவரிசைக்கும் இதே கணக்கைப் போட்டபோது கிடைத்தது இது. கடைசி நிரல், நடுவெண்ணை மாதக் காணொளி எண்ணிக்கையால் பெருக்கி வந்தது. அதை "வழக்கமான மாதப் பார்வை" என்று அழைப்போம்.

| அலைவரிசை | மாதத்துக்குக் காணொளி | நடுவெண் | வழக்கமான மாதப் பார்வை |
|---|---|---|---|
| நண்பர்கள் | 2 | 505 | 1,010 |
| அ | 12 | 180 | 2,160 |
| ஆ | 4 | 420 | 1,680 |
| இ | 1 | 1,300 | 1,300 |
| ஈ | 8 | 310 | 2,480 |
| உ | 3 | 360 | 1,080 |

கடைசி நிரலை மட்டும் பார்த்தால் நண்பர்கள் ஆறாவது இடம். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நடுவெண் நிரலைப் பாருங்கள். இ-ஐத் தவிர மற்ற நால்வரும் அவர்களுக்குக் கீழே. ஐந்து அலைவரிசைகளின் நடுவெண்களை அடுக்கினால் 180, 310, 360, 420, 1,300. நடுவில் நிற்பது 360. நண்பர்களின் 505-ஐ 360-ஆல் வகுத்தால் 1.4. அதாவது, அவர்களின் ஒரு காணொளி, ஒத்த அலைவரிசைகளின் வழக்கமான காணொளியைவிட 40 விழுக்காடு அதிகம் பார்க்கப்படுகிறது.

மாதப் பார்வைக்கும் அதே கணக்கு. மற்ற ஐந்தின் நடுவில் நிற்பது 1,680. நண்பர்களின் 1,010 அதில் 0.6 பங்குதான். காரணம் மூன்றாவது கணக்கில் தெரிகிறது. மற்றவர்கள் நடுத்தரமாக மாதத்துக்கு 4 காணொளி வெளியிட, இவர்கள் 2 வெளியிடுகிறார்கள்.

ஆக, "நாம் எப்படி இருக்கிறோம்?" என்பது உண்மையில் இரண்டு கேள்விகள். ஒரு காணொளி எப்படிப் போகிறது? மாத மொத்தம் எப்படி இருக்கிறது? முதல் கேள்விக்கு விடை "நன்று". இரண்டாவதற்கு விடை "குறைவு". இரண்டையும் கலந்துவிட்டால், நன்றாக இருப்பதையும் மாற்றத் தோன்றும்.

மூன்று மடங்கு பதிவேற்றினால் மூன்று மடங்கு வருமா?

இப்போது முதல் நண்பரின் வாதத்துக்கு வருவோம். "மாதத்துக்கு 6 வெளியிட்டால் 6 பெருக்கல் 505, அதாவது 3,030 பார்வை. நாமே முதலிடம்!" பெருக்கல் சரி. ஆனால் 6 வெளியிடும்போதும் நடுவெண் 505 ஆகவே நிற்கும் என்று யார் சொன்னது?

பட்டியலைக் கவனித்தால், அடிக்கடி வெளியிடும் அலைவரிசைகளுக்கே நடுவெண் குறைவாக இருக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்து "அடிக்கடி வெளியிட்டால் பார்வை குறையும்" என்று முடிவு கட்டக்கூடாது. அ-வின் காணொளிகள் அவசரத்தில் எடுத்தவையாக இருக்கலாம். இ-யின் தலைப்புகளே வேறு ரகமாக இருக்கலாம். வெவ்வேறு மனிதர்களை ஒப்பிடும்போது எது காரணம், எது உடன் வந்தது என்று பிரிப்பது கடினம்.

இதைவிட நல்ல சான்று, ஒரே அலைவரிசை தன் வேகத்தை மாற்றிக்கொண்ட தருணம். நண்பர்கள் தேதிகளை வரிசையாகப் பார்த்தபோது ஈ அப்படி மாறியிருந்தது தெரிந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை மாதத்துக்கு 4 காணொளி, நடுவெண் 520. ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதத்துக்கு 12 காணொளி, நடுவெண் 250. வழக்கமான மாதப் பார்வை 2,080-இலிருந்து 3,000 ஆனது. உழைப்பு மூன்று மடங்கு. பலன் 1.44 மடங்கு.

அறிவியல் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிந்தைய காணொளிகள் வயதில் இளையவை. அதனால் பார்வை குறைந்திருக்கலாமே? அல்லது அந்த மாதங்களில் எல்லாருமே யூடியூபைக் குறைவாகப் பார்த்திருக்கலாமே? இதைச் சரிபார்க்க, வேகத்தை மாற்றாத ஓர் அலைவரிசை வேண்டும். நண்பர்களின் அலைவரிசையே அதற்குப் பொருத்தம். அதே மாதங்களில் அது மாதத்துக்கு 2 என்றே போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவெண் 485-இலிருந்து 515 ஆனது, குறையவில்லை. வயதோ பருவமோ காரணமாக இருந்திருந்தால் இதுவும் குறைந்திருக்கும். ஆய்வகச் சோதனையில் ஒரு செடிக்கு மட்டும் உரமிட்டு, இன்னொன்றை அப்படியே விட்டு ஒப்பிடுவோம் அல்லவா? அதே முறைதான் இது.

ஏன் பலன் மூன்று மடங்காகவில்லை? ஓர் அலைவரிசையைத் தொடர்ந்து பார்ப்பவர்களின் நேரம் மூன்று மடங்காவதில்லை. ஒரே கூட்டத்தின் பார்வைகள் அதிகக் காணொளிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு காணொளிக்கும் செலவிட்ட உழைப்பு குறைந்திருக்கலாம். வெளியில் தெரியும் எண்களை வைத்து இவற்றில் எது என்று பிரிக்க முடியாது.

இனி நண்பர்களின் கணக்கு. ஈ-க்கு நடந்தது இவர்களுக்கும் நடந்தால், 1,010 பார்வை 1.44 மடங்காகி சுமார் 1,455 ஆகும். கூடுதலாகக் கிடைப்பது 445. செலவு? இப்போது மாதத்துக்கு 18 மணி நேரம். 6 காணொளிக்கு 54 மணி நேரம். கூடுதல் 36 மணி நேரம். இன்று ஒரு மணி நேர உழைப்புக்கு 56 பார்வை கிடைக்கிறது. கூடுதல் உழைப்புக்கு மணிக்கு 12 பார்வைதான் கிடைக்கும். எஸ்.பி.எம் ஆண்டை எதிர்நோக்கும் மாணவர்களுக்கு இந்த ஓர் எண் பெரிய சண்டையைத் தீர்த்துவைக்கும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு காணொளியும் 9,800 போலப் பரவுவதற்கு ஒரு வாய்ப்பு. அதிகம் வெளியிட்டால் வாய்ப்பும் அதிகம். அ-வின் 72 காணொளிகளில் 3 அப்படிப் பரவின. அதாவது 24-க்கு 1. நண்பர்களுக்கு 12-க்கு 1. ஆனால் ஒரே ஒரு காணொளியை வைத்துத் தங்கள் வாய்ப்பு இரு மடங்கு என்று அவர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஒன்று பரவாமல் போயிருந்தால் 12-க்கு சுழியம் ஆகியிருக்கும்.

எண்கள் சொல்லாதவை

பார்வை எண்ணிக்கை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஒருவரே பல முறை பார்த்திருக்கலாம். எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதும் தெரியாது. அழித்துவிட்ட, மறைத்துவைத்த காணொளிகள் நம் கண்ணில் படா. சரியாகப் போகாதவற்றை ஓர் அலைவரிசை நீக்கிவிடும் பழக்கம் உடையது என்றால், அதன் நடுவெண் உண்மையைவிட உயர்ந்து தெரியும். கணக்கெடுத்த பட்டியலை வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து மறுபடி சரிபார்த்தால், ஏதேனும் காணாமல் போனதா என்று தெரிந்துவிடும்.

ஈ ஒரே ஓர் அலைவரிசை என்பதையும் மறக்கக்கூடாது. வேகத்தை மாற்றிய வேறு இரண்டு மூன்று அலைவரிசைகளைத் தேடி, அங்கும் இதே போக்கு தெரிகிறதா என்று பார்த்தால் முடிவு வலுப்பெறும். வேகத்தைக் குறைத்த அலைவரிசை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே நடுவெண் ஏறியிருக்க வேண்டும்.

நண்பர்கள் மூவரும் ஒரு நடுவழிக்கு வந்தார்கள். 6 வேண்டாம். மூன்று மாதத்துக்கு மட்டும் மாதம் 3 காணொளி. பிறகு ஒரு மாதம் காத்திருந்து நடுவெண்ணைப் பார்ப்பது. அது 337-க்கு மேல் நின்றால் மாதப் பார்வை 1,010-ஐத் தாண்டும், ஏனெனில் 3 பெருக்கல் 337 சரியாக 1,011. அதற்குக் கீழே இறங்கினால், கூடுதலாக 9 மணி நேரம் உழைத்தும் முன்பைவிடக் குறைவாகவே பெற்றார்கள் என்று பொருள், பழைய வேகத்துக்கே திரும்பிவிடலாம். அந்த 337 என்ற எண்ணைச் சோதனை தொடங்கும் முன்பே மூவரும் தாளில் எழிதிக் கையெழுத்திட்டு வைத்தார்கள். விடை வந்த பிறகு எல்லையை மாற்றிக்கொள்ள யாருக்கும் இடம் இருக்கக்கூடாது அல்லவா?